விவரி, அடையாளம் காண், அமைத்துச் சரிபார்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் எங்கள் அலுவலகத்தில் புதியவர்களுக்கான நேர்காணலில் கேள்வி கேட்பவர்களில் நானும் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் பல தொழிற்சாலைகளின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலை எங்களுடையது. அன்று வந்தவர்களில் ஒரு பையனின் ரெஸ்யூமேயில் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. முதல் வேலை தேடுகிற ஒருவருக்கு அது அதிகம். அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனரும் மைக்ரோசாஃப்டின் அசூர் ஃபண்டமென்டல்ஸும் சைபர் பாதுகாப்புக்காக ஐஎஸ்சி2 அமைப்பு தரும் சிசியும் அவன் பெற்றிருந்தான். கிளவுடில் எந்தப் பாதுகாப்புக்கு நிறுவனம் பொறுப்பு, எதற்கு வாடிக்கையாளர் பொறுப்பு என்று நான் கேட்டபோது தயங்காமல், எடுத்துக்காட்டோடு, மிக நன்றாகச் சொன்னான். அடுத்து, ஒரு ஊழியர் இணையம் வரவில்லை என்று தொலைபேசியில் சொல்கிறார், அவருடைய லேப்டாப்பில் ஐபி முகவரி `169.254.12.7` என்று இருக்கிறது, நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, அது தனியார் முகவரியா என்று கேட்டான்.

அந்த எண்ணைப் பார்த்ததுமே எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். லேப்டாப் டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, எனவே தானாகவே ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிள் கழன்றிருக்கிறதா, போர்ட் தவறான விலானில், அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த வேறொரு நெட்வொர்க்கில், இருக்கிறதா, சர்வர் நின்றுவிட்டதா, கொடுக்க முகவரிகளே தீர்ந்துவிட்டனவா என்று வரிசையாகத் தேட வேண்டும். நாங்கள் அந்த வேலைக்கு ஆள் எடுத்தது முழுக்க இப்படித் தேடுவதற்காகத்தான். அவனை எடுக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் பையன் என் மனத்தைவிட்டு அகலவே இல்லை. அவன் சோம்பேறி அல்லன், அரைகுறையாகப் படித்தவனும் அல்லன். அவன் எழுதிய தேர்வுகள் எதைக் கேட்டனவோ அதை முழுமையாகக் கற்றிருந்தான். அந்தத் தேர்வுகள் கேட்காத ஒன்றை நாங்கள் கேட்டோம். தவறு அவன் படிப்பில் இல்லை, தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் அவனுக்கு வழி சொல்ல யாரும் இருந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஈரோட்டிலிருந்து என் அக்கா மகன் ஒரு விளம்பரத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தபோது, அதே மூன்று பெயர்களும் ஒரே கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருந்ததைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. அவன் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் முடித்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பயிற்சி மையத்தில் மூன்று சான்றிதழுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் கேட்டிருந்தார்கள். அக்கா எடுத்த சீட்டுப் பணம் முப்பத்தையாயிரம். மீதியைத் தவணையில் கட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்றான சிசிக்கு, 2022இல் ஐஎஸ்சி2 அறிவித்த திட்டத்தின்கீழ் பாடமும் தேர்வும் கட்டணமின்றியே கிடைத்துவந்தன. தேர்ச்சி பெற்றபின் ஆண்டுதோறும் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டும். இந்த இரண்டு செய்திகளில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

"மூணு சர்ட்டிஃபிகேட் இருந்தா ஒண்ணைவிட நல்லதுதானே சித்தி?" என்றான்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆகஸ்ட் நேர்காணலைச் சொல்லலாம், ஆனால் ஒரே ஒருவனின் கதையை வைத்து இன்னொருவனின் பணத்துக்கு வழி சொல்வது நியாயம் அன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கி, அந்த மூன்று தேர்வுகளுக்கும், அவற்றோடு ஒப்பிட நான் எடுத்த வேறு இரண்டு தேர்வுகளுக்கும் அந்தந்த நிறுவனமே வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தோம்.

வினைச்சொற்களைப் படித்தோம்

இந்தப் பாடத்திட்டங்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தலைப்புகளைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் பாதுகாப்பு இருக்கும், நெட்வொர்க் இருக்கும், கிளவுட் இருக்கும். எனவே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். நான் அவனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்பதை மட்டும் வட்டமிடச் சொன்னேன். பாடத்திட்டத்தில் வினைச்சொல் அலங்காரத்துக்காக வைக்கப்படுவதில்லை. தேர்வு எழுதுகிறவர் அந்தத் தலைப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா, செய்துகாட்ட வேண்டுமா என்பதை அதுதான் சொல்கிறது.

அசூர் ஃபண்டமென்டல்ஸில் பென்சில் சலித்துப்போனது. தொடக்கம் முதல் முடிவு வரை 'டிஸ்கிரைப்', 'டிஸ்கிரைப்' என்றே வந்தது. விவரி, விவரி, விவரி. சிசியின் பாடத்திட்டத்தில் 'அண்டர்ஸ்டாண்ட்', அதாவது புரிந்துகொள். கிளவுட் பிராக்டிஷனரிலும் புரிந்துகொள், வரையறு, அடையாளம் காண் என்ற வகைதான். அதன் தேர்வு வழிகாட்டியில் ஒரு பகுதி வருகிறது. அதைப் பலரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். இந்தத் தேர்வை எழுதுகிறவரிடம் எதிர்பார்க்கப்படாத வேலைகள் என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது. நிரல் எழுதுதல், கிளவுட் கட்டமைப்பை வடிவமைத்தல், டிரபிள்ஷூட்டிங், செயல்படுத்துதல், சுமைச் சோதனை ஆகியவை அதில் அடங்கும். தேர்வை நடத்துகிற நிறுவனமே இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருக்கிறது. 65 கேள்விகள், 90 நிமிடங்கள், 100 டாலர் என்ற கணக்குகளை எல்லா விளம்பரமும் சொல்கிறது. இந்தப் பட்டியலை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஆகஸ்டில் என் எதிரே உட்கார்ந்திருந்த பையனுக்கு இதைப் படித்துக்காட்ட ஒருவர் இருந்திருக்கலாமே என்று அப்போது நான் மிகவும் வருந்தினேன்.

இந்தத் தேர்வுகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. கிளவுட் சேவைகளை விற்கிற பிரிவில் வேலை பார்ப்பவருக்கும், கணக்குப் பிரிவிலிருந்து ஐடி திட்டங்களைக் கவனிக்க வேண்டியவருக்கும், ஏற்கெனவே சர்வர் வேலை தெரிந்து கிளவுடுக்கு மாறுகிறவருக்கும் இவை சரியான முதல் படி. அவர்கள் விவரிக்கத் தெரிந்தால் போதும். செய்வதற்கு அவர்களிடம் வேறு தொழில் இருக்கிறது. கையில் வேறு எதுவும் இல்லாமல் வேலை தேடுகிற ஒருவருக்கு, தன்னால் எதைச் செய்ய முடியும் என்று காட்டுவதற்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை.

அடுத்து, கணினிப் பராமரிப்புக்கான காம்ப்டியா ஏ பிளஸின் பாடத்திட்டத்தைத் திறந்ததும் வாசகமே மாறிவிட்டது. ஒரு சூழல் கொடுக்கப்பட்டால் பிரிண்டரின் கோளாறைக் கண்டுபிடி, ஒரு சூழல் கொடுக்கப்பட்டால் வயர்லெஸ் நெட்வொர்க்கை அமை என்று வரிக்கு வரி வேலைத்தளம் கண்ணுக்குத் தெரிந்தது. `169.254` என்று தொடங்கும் முகவரியும் அதில் இருந்தது. டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அதில் கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழ். இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பிப்ரவரியில். மார்ச் 2025இல் புதிய பதிப்பு வரவிருந்தது. பழைய பதிப்பின் புத்தகத்தை அப்போது வாங்கிப் படிக்கத் தொடங்கி, ஒரு தேர்வை மட்டும் எழுதிவிட்டு மற்றதைத் தள்ளிப்போட்டால், பழைய பதிப்பு நிறுத்தப்படும் நாளில் எழுதிய தேர்வும் வீணாகிவிடும்.

கடைசியாக, நெட்வொர்க் வேலைக்கான சிஸ்கோவின் சிசிஎன்ஏ. அதிலும் விளக்கு, விவரி என்ற வரிகள் நிறையவே உண்டு. ஆனால் நடுப்பகுதியில் 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை' என்ற இரட்டை வினை திரும்பத் திரும்ப வருகிறது. பல ஸ்விட்சுகளில் பரவிய விலான்களை அமைத்துச் சரிபார். ஐபி முகவரியையும் சப்நெட்டையும் அமைத்துச் சரிபார். ஸ்டாட்டிக் ரூட்டிங்கை அமைத்துச் சரிபார். அமைப்பது ஒரு திறமை. அமைத்தது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கண்டறிவது அதைவிடப் பெரிய திறமை. சம்பளம் கொடுப்பது இரண்டாவதற்காகத்தான்.

அதன்பின் அதே பென்சிலோடு, கோவை, ஈரோடு, சென்னை வட்டாரங்களில் புதியவர்களுக்கென்று வந்திருந்த வேலை விளம்பரங்கள் சிலவற்றை எடுத்துப் பார்த்தோம். டெஸ்க்டாப் சப்போர்ட், நெட்வொர்க் சப்போர்ட், இரவுப் பணியோடு கூடிய நெட்வொர்க் கண்காணிப்பு என்று மூன்று வகைகள் அவனுக்குப் பொருந்தின. அவற்றில் விவரி என்று ஒரு வரிகூட இல்லை. நிறுவு, சரிசெய், கண்காணி, அமை என்றே இருந்தன. பெயர் சொல்லிக் கேட்ட சான்றிதழ்களில் நாங்கள் பார்த்தவரை சிசிஎன்ஏதான் அதிகம் வந்தது. ஏ பிளஸ் அரிதாகவே வந்தது. வெளிநாட்டு வேலைகளுக்கான விளம்பரங்களைப் பார்த்திருந்தால் இந்தக் கணக்கு மாறியிருக்கும். டெஸ்டிங் அல்லது நிரலாக்கம் பக்கம் போக நினைத்திருந்தால் இந்த ஐந்தில் எதுவுமே வேண்டியிருக்காது.

முடிவுக்கு முன் இரண்டு வாரங்கள்

இவ்வளவு தெரிந்த பின்பும் சிசிஎன்ஏவுக்குப் பணம் கட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் கட்டணம் 300 டாலர். வரியோடு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். தோற்றால் ஐந்து நாள்கள் கழித்து மறுபடியும் எழுதலாம், ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம். அக்காவின் சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் இடம் இருந்தது. மற்ற நான்கையும்விட இது கடினமானது. நெட்வொர்க் வேலை செய்து பார்க்காத ஒருவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்றாலும் ஐந்தாறு மாதங்கள் பிடிக்கும். அந்த வேலை அவனுக்குப் பிடிக்குமா என்பதும் எங்கள் இருவருக்குமே தெரியாது.

எனவே இரண்டு வாரங்கள் ஒரு பைசா செலவழிக்காமல் பார்ப்போம் என்றேன். சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம். நெட்வொர்க்கிங் அகாடமி தளத்தில் பதிவு செய்துகொண்டால் தரவிறக்கிக்கொள்ளலாம். திரையிலேயே ஸ்விட்சுகளையும் கணினிகளையும் இழுத்து வைத்துக் கேபிள் மாட்டி, உண்மையான கட்டளைகளைத் தட்டலாம். பாடம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு தினமும் ஏதாவது ஒன்றைக் கட்டு, கட்டியதை நீயே உடை, பிறகு சரிசெய் என்று அவனை ஈரோட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

பதினோராம் நாள் இரவு பத்தரை மணிக்கு அழைத்தான். இரண்டு ஸ்விட்சுகளை இணைத்திருக்கிறான். கணக்குப் பிரிவுக்கு விலான் 10, கிடங்குக்கு விலான் 20. இரண்டு ஸ்விட்சுகளிலும் இரண்டு பிரிவுகளுக்கும் ஒவ்வொரு கணினி. விலான் 10இல் இருப்பவை ஒன்றையொன்று பிங் செய்கின்றன. விலான் 20இல் இருப்பவை செய்யவில்லை. முகவரியையும் மாஸ்க்கையும் மூன்று முறை பார்த்துவிட்டேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். `show vlan brief` என்ன சொல்கிறது என்று கேட்டேன். இரண்டு ஸ்விட்சுகளிலும் விலான் 20 இருந்தது, போர்ட்டுகளும் சரியாக இருந்தன. அப்படியானால் கோளாறு இரண்டு ஸ்விட்சுகளுக்கும் நடுவில் இருக்கிற டிரங்க் இணைப்பில்தான் இருக்க வேண்டும். `show interfaces trunk` கட்டளையின் வெளியீட்டை அவனே வாசித்துக்கொண்டு வந்தான். அனுமதிக்கப்பட்ட விலான்கள் என்ற வரிசையில் 1, 10 என்று மட்டும் இருந்தது. நான் எதுவும் சொல்வதற்குள் புரிந்துகொண்டு, தொலைபேசியை வைக்காமலேயே ஒரு கட்டளையைத் தட்டினான்.

```
switchport trunk allowed vlan 20
```

விலான் 20 வேலை செய்தது. ஆனால் விலான் 10 நின்றுபோனது. அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இந்தக் கட்டளை பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பதில்லை, பட்டியலையே மாற்றி எழுதிவிடுகிறது. சேர்க்க வேண்டுமானால் இப்படிச் சொல்ல வேண்டும்.

```
switchport trunk allowed vlan add 20
```

முந்தைய கட்டளை 10ஐ நீக்கிவிட்டதால் இப்போது அதையும் `add` போட்டுச் சேர்த்தாக வேண்டும். ஒரு சொல்லை விட்டதால் உண்மையான தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு முழுவதும் நின்றிருக்கும். அனுபவசாலிகளே இதைச் செய்துவிட்டு வியர்த்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவன் அன்று சலிப்போடு பேசியிருந்தால் சிசிஎன்ஏ வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவனோ, "இருங்க சித்தி, மாத்துறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கிறேன்" என்றான். முன்நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு கைவைக்கும் பழக்கத்தை எந்தத் தேர்வாலும் மதிப்பெண் போட்டு அளக்க முடியாது. அந்த இரவில்தான் முடிவு செய்தோம்.

தேதியைக் குறித்த விதம்

தேர்வுக்கு நாள் குறிப்பதை வேண்டுமென்றே தள்ளிவைத்தோம். முன்கூட்டியே பணம் கட்டினால் படிக்கும் வேகம் வரும் என்பார்கள். ஒரே முயற்சிக்குப் பணம் வைத்திருக்கிற வீட்டுக்கு அந்த யோசனை ஒத்துவராது. நான் ஓர் அளவுகோல் வைத்தேன். நான் எப்போது அழைத்து ஒரு முகவரியைச் சொன்னாலும் தாளில்லாமல் அரை நிமிடத்தில் அதன் நெட்வொர்க்கைச் சொல்ல வேண்டும். `192.168.5.70/26` என்றால், இருபத்தாறுக்கு அறுபத்து நான்கு அறுபத்து நான்காகத் தொகுதி, எழுபது விழுவது `64`இல் தொடங்கும் தொகுதியில், கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை `65` முதல் `126` வரை, `127` பிராட்காஸ்ட். ஏப்ரலில் திணறினான். ஜூன் கடைசியில் பேருந்தில் நின்றுகொண்டே சொன்னான். அதற்கடுத்த நாள் ஆகஸ்டுக்குத் தேதி எடுத்தோம்.

பதிவு செய்யும்போது ஒரு சிறிய விஷயத்தில் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டோம். நம்மூர்க்காரர்கள் பலருக்கும் இது நேரும். அவன் கணக்கைத் தொடங்கியபோது இனிஷியலை மட்டும் போட்டிருந்தான். அவன் எடுத்துச்செல்லவிருந்த பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரித்து எழுதப்பட்டிருந்தது. தேர்வு மையத்தில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், பணமும் திரும்ப வராது. தேதி எடுப்பதற்கு முன்பே பெயரைத் திருத்திவிட்டோம். வீட்டிலிருந்தபடியே எழுதும் வசதியும் இருந்தது. இரண்டு அறை வீட்டில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத பகுதியில் அதை நம்ப முடியாது என்பதால், கோவையில் மையத்துக்கே போய் எழுதினான்.

நடுவில் நண்பன் ஒருவன், உண்மையான தேர்விலிருந்து கசிந்த கேள்வி பதில்களின் டம்ப் கோப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறான். அதை எனக்குக் காட்டினான். இதைப் படித்துத் தேறியவர்களை நேர்காணலில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்: கேள்வியில் ஓர் எண்ணை மாற்றினால் பதில் நின்றுவிடும், ஏன் என்று கேட்டால் விடையையே மறுபடி சொல்வார்கள். பிடிபட்டால் சான்றிதழும் ரத்தாகும். அவன் என் எதிரிலேயே அதை அழித்துவிட்டான்.

தேறினான். சான்றிதழ் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வந்ததில்லை. அதன்பின் இரண்டு மாதங்களில் மூன்று இடங்களிலிருந்து அழைத்தார்கள். ஆனால் மூன்று இடங்களிலும் ஒருவர்கூடச் சான்றிதழைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் இடத்தில் லினக்ஸ் கேட்டார்கள், அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாவது இடத்தில் சம்பளம் ஒத்துவரவில்லை. மூன்றாவது இடத்தில் ரெஸ்யூமேயில் அவன் எழுதியிருந்த ஒற்றை வரியைக் காட்டி, இந்த விலான் கோளாறு என்ன, பலகையில் வரைந்து காட்டு என்றார்கள். இரண்டு ஸ்விட்சுகளையும் வரைந்து, தான் எதை உடைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னானாம். இருபது நிமிடங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நவம்பரிலிருந்து அங்கே இரவுப் பணி. அக்கா சீட்டுப் பணத்தில் மிஞ்சியதில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டரும் டிபன் கேரியரும் வாங்கிக் கொடுத்தாள். கண்காணிப்பு அறையில் ஏசி குளிர் அதிகமாம்.